முகம் மட்டுமா, முழுத் தலையுமா?

திருக்கடையூரில் அப்பாவின் அறுபதாம் கல்யாணம். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனால் வர முடியவில்லை. அவர் சம்மதத்தோடு, குரூப் போட்டோவில் சித்தப்பா மகனான தம்பியின் இடத்தில் அவரை வைக்க வேண்டும். அண்ணனுக்கு நீள முகம், தம்பிக்கு உருண்டை முகம்.

முகம் மட்டும் மாற்றினால் வேலை சுலபம். இரு கண், மூக்கு நுனி, வாயின் இரு ஓரம் ஆகிய ஐந்து புள்ளிகளை வைத்து சாஃப்ட்வேர் பொருத்திவிடும். ஆனால் தாடை தம்பியுடையதாகவே நிற்கும். அண்ணன் சதை போட்டது போலத் தெரிவார். அந்த அகலத்தை நிரப்ப முகத்தைப் பக்கவாட்டில் இழுப்பதுதான் பெரிய தப்பு. கண்களுக்கு நடுவே 60 பிக்சல், கண்ணிலிருந்து வாய்க்கு 66 என்றால் விகிதம் 1.1. பக்கவாட்டில் 15 சதவீதம் இழுத்தால் 69க்கு 66 ஆகி, வேறு ஆள் ஆகிவிடுவார். பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் இரு பக்கமும் ஒரே அளவில்தான்.

முழுத் தலையை மாற்றினால் தாடை, காது, நெற்றி எல்லாம் அண்ணனுடையவை. தம்பியின் கன்னம் மறைத்திருந்த பின்னணியை வரைந்து நிரப்பணும், கழுத்து நிறத்தைச் சேர்க்கணும், முடி ஓரம் படுத்தும். இருந்தும் இந்தப் போட்டோவுக்கு என் தேர்வு இதுதான். தாடை அகலம் ஏறக்குறைய ஒத்திருந்தால் மட்டும் முதல் வழி போதும்.