மூன்று அஜெண்டா, ஒரே வாடிக்கையாளர்: காலாண்டு ரிவ்யூவில் ஒப்பந்தம் எங்கே நழுவுகிறது?

கப்பலூர் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்கிறோம். எங்கள் உற்பத்தியில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளருக்குப் போகிறது, மதுரைக்கு வெளியே மசாலாப் பொடி பேக் செய்கிற ஒரு கம்பெனி. மாதம் சுமார் 40,000 ஐந்து பிளை பெட்டிகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்து பேசுவது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அந்தக் கூட்டத்தை மூன்று விதமான அஜெண்டாவில் நடத்திப் பார்த்தாகிவிட்டது. பேசிய ஆட்களும் அறையும் டீயும் அதேதான். மாறியது எதற்கு எத்தனை நிமிடம், எது முதலில் என்பது மட்டும்தான்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி இருக்கும். ஒவ்வொரு கூட்டமும் 75 நிமிடம். அட்டவணையில் இருப்பது நிமிடங்கள் மட்டும், பேசிய வரிசை இல்லை.

| பேசும் விஷயம் | அறிக்கை முதல் | விலை முதல் | அவர்கள் திட்டம் முதல் |
|---|---|---|---|
| வரவேற்பு, எங்களைப் பற்றி | 10 | 5 | 0 |
| போன கூட்டத்தில் ஒப்புக்கொண்டவை | 0 | 0 | 10 |
| காலாண்டுக் கணக்கு | 30 | 10 | 10 |
| புகார்கள் | 15 | 15 | 20 |
| அவர்களின் அடுத்த மாதங்கள் | 5 | 5 | 20 |
| விலை, புதுப்பிப்பு | 10 | 40 | 10 |
| முடிவுகளை எழுதுவது | 5 | 0 | 5 |

அறிக்கை முதல் என்பதுதான் எல்லோரும் போடுவது. நாங்களும் போட்டோம். அந்த வருடம் ஒப்பந்தம் மார்ச் 31-இல் முடிய இருந்தது, பொங்கல் முடிந்த அடுத்த வாரம் கூட்டம். (மதுரைப் பக்கம் ஜனவரி ரிவ்யூவை அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நாட்களில் வைத்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள், வந்தவர்கள் மனசும் வராது.) கணக்கைத் திரையில் ஓடவிட்டோம். மூன்றாவது ஸ்லைடிலேயே சிக்கல். சரியான நேரத்தில் வந்த லோடு 66-க்கு 64 என்று நாங்கள் காட்ட, அவர்கள் ஸ்டோர்ஸ்காரர் 62 என்றார். இருவருமே பொய் சொல்லவில்லை. நாங்கள் எண்ணுவது லாரி அவர்கள் கேட்டைத் தொட்ட தேதி. அவர் எண்ணுவது சரக்கு வரவுச் சீட்டு போட்ட தேதி. இரண்டு லாரிகள் மாலை ஆறு மணிக்கு மேல் போய் கேட்டிலேயே ராத்தங்கியிருக்கின்றன, சீட்டு மறுநாள் காலை விழுந்திருக்கிறது. ஒப்பந்தம் கேட்பது 95 சதவீதம். எங்கள் எண்ணிக்கையில் தேறிவிட்டோம், அவர் எண்ணிக்கையில் தேறவில்லை.

இதைத் தீர்க்கவே 25 நிமிடம் போய்விட்டது. பிளான்ட் ஹெட் இடையில் போன் வந்து எழுந்து போனார், திரும்பி வரவில்லை. முடிவெடுக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். புதுப்பிப்புப் பற்றிப் பேச ஐந்து நிமிடம் மிஞ்சியபோது எதிரில் இருந்தது பர்சேஸ் மேனேஜர் மட்டும். "இப்போதைக்கு ஜூன் வரைக்கும் பழைய ரேட்டிலேயே ஓட்டுவோம் சார், அப்புறம் பார்ப்போம்" என்றார். மூன்று மாத நீட்டிப்பு என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்த மூன்று மாதத்தில் அவர்கள் வேறு இரண்டு இடத்தில் கொட்டேஷன் வாங்கிவிட்டார்கள்.

இரண்டாவது அஜெண்டா அந்தப் பயத்தில் பிறந்தது. மே மாதம், சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு கூட்டம். முதல் விஷயமாகவே விலையை வைத்தோம். கையில் இரண்டு கொட்டேஷனை வைத்திருப்பவரிடம் போய் விலையிலிருந்து ஆரம்பித்தால் என்ன நடக்கும்? அவர் அந்தத் தாள்களை மேசைமேல் எடுத்து வைத்தார். அதற்கப்புறம் நாங்கள் பேசியதெல்லாம் எத்தனை பைசா குறைப்பது என்பது மட்டுமே. ஜூலையிலிருந்து ஒரு வருட ஒப்பந்தம் கிடைத்தது. பெட்டிக்கு 33 ரூபாய் 32 ஆனது. அதைவிடக் கெடுதி, வருடம் முழுக்க ஒரே விலை.

இது எங்கே அடித்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்றாவது அஜெண்டாவின் மையமே அதுதான். பெட்டி விலையில் மூன்றில் இரண்டு பங்கு கிராஃப்ட் காகிதம். எங்கள் பெட்டியின் எடை 600 கிராம், வெட்டுக்கழிவு சேர்த்தால் 630 கிராம் காகிதம் போகிறது. கிலோ 34 ரூபாயாக இருந்தபோது 33 ரூபாய்ப் பெட்டியில் 21 ரூபாய் 42 பைசா காகிதத்துக்கே போனது. ஒப்பந்தம் போட்ட சில வாரத்தில் கிலோ 36 ஆனது. பெட்டிக்கு 1 ரூபாய் 26 பைசா கூடுதல், மாதம் 40,000 பெட்டிக்கு 50,400 ரூபாய். விட்டுக்கொடுத்த ஒரு ரூபாயையும் சேர்த்தால் மாதம் 90,400. ஆலை நஷ்டத்தில் ஓட ஆரம்பித்தால் அது முதலில் தெரிவது கணக்குப் புத்தகத்தில் இல்லை, தரத்தில். 18 பிஎஃப் காகித ரீல் வாங்க வேண்டிய இடத்தில் ஒருமுறை 16 பிஎஃப் வாங்கினோம். பிஎஃப் என்பது காகிதம் எவ்வளவு அழுத்தத்தில் கிழியும் என்பதன் அளவு. இரண்டு புள்ளி குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது, அடுக்கி வைத்தால் தெரியும்.

தெரிந்தது. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் அவர்கள் கோடவுனில் கீழ் வரிசைப் பெட்டிகள் நசுங்கிவிட்டன என்று புகார். அடுத்த ஜனவரி ரிவ்யூவுக்கு முன்னால் இருந்த நிலைமை இதுதான்: புகார் ஒன்று, தீபாவளி நேரத்தில் தாமதமான லோடு நான்கு, கையைக் கடிக்கும் ஒப்பந்தம், அது முடிய ஐந்து மாதம்.

மூன்றாவது அஜெண்டாவில் பாதி வேலை கூட்டத்துக்கு முன்பே நடக்க வேண்டும். ஐந்து நாள் முன்னதாக இரண்டு பக்க அறிக்கை அனுப்பினோம். அனுப்பும் முன் எங்கள் டெஸ்பாட்ச் பையன் அவர்கள் ஸ்டோர்ஸில் போய் உட்கார்ந்து வரவுச் சீட்டுகளை ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தான். இனி எண்ணுவது கேட் பதிவேட்டு நேரத்தை வைத்துத்தான் என்று ஸ்டோர்ஸ்காரரிடமே பேசி முடித்துவிட்டான். அதனால் கணக்குக்குப் பத்து நிமிடமே தேவைப்பட்டது. அதிலும் பேசியது நான்கு தாமத லோடு பற்றி மட்டும். மூன்றில் அவர்கள் இண்டென்ட்டை, அதாவது எத்தனை பெட்டி எப்போது வேண்டும் என்ற கேட்புச் சீட்டை, லோடு போக வேண்டிய நேரத்துக்கு முந்தின 48 மணி நேரத்துக்குள் மாற்றியிருந்தார்கள், ஒன்று எங்கள் தவறு. எங்கள் தவறை முதலில் சொன்னோம். மற்ற மூன்றை நாங்கள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அறிக்கையில் இருந்த தேதிகளைப் பார்த்து அவர்கள் பிளானிங் ஆளே தலையைச் சொறிந்தார்.

நசுங்கிய பெட்டிக்கும் அதே வழி. கூட்டத்துக்கு முந்தின வாரம் அவர்கள் குவாலிட்டி ஆளோடு கோடவுனில் ஈரமானியை வைத்துப் பார்த்தோம். மேல் வரிசைப் பெட்டியில் 9 சதவீத ஈரம், தரையைத் தொட்ட வரிசையில் 14. ஈரம் ஏறினால் பெட்டி எடை தாங்குவது வேகமாகக் குறையும். பேலட் இல்லாமல் வெறும் சிமெண்டுத் தரையில் அடுக்கியிருந்தார்கள். அதோடு எங்கள் 16 பிஎஃப் ரீலும் சேர்ந்துகொண்டது. கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னது நாங்கள் இல்லை, அவர்களுடைய குவாலிட்டி ஆள். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். சப்ளையர் வாயால் "உங்கள் கோடவுன் சரியில்லை" என்று வந்தால் சண்டை, அவர்கள் ஆள் வாயால் வந்தால் பேலட் ஆர்டர். இனி ஒவ்வொரு லோடோடும் ரீலின் சோதனைச் சீட்டு வரும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தோம்.

ஆனால் இந்த அஜெண்டாவை ஜெயிக்க வைத்தது முதல் இருபது நிமிடம். பிளான்ட் ஹெட்டை முன்கூட்டியே கேட்டிருந்தோம்: "சார், ஏப்ரலிலிருந்து உங்கள் திட்டம் என்னன்னு நீங்களே சொன்னால் நாங்கள் ரீல் வாங்குவதற்கு வசதி." அவர் பேச வேண்டியிருந்ததால் வந்தார், தன் பங்கு முதலிலேயே இருந்ததால் நேரத்துக்கு வந்தார். புதிதாக இரண்டு சின்ன பாக்கெட் அளவு வருகிறது, அதற்கு இரண்டு புதிய பெட்டி அளவு வேண்டும், தீபாவளி நேரத்தில் 15 நாள் பெட்டி எங்கள் கோடவுனில் தயாராக இருந்தால் நல்லது என்றார். கேட்டுக்கொண்டே இருந்த எங்கள் முதலாளி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "செய்யலாம் சார். இரண்டு டை அச்சு வெட்டணும், 15 நாள் சரக்குக்குப் பணம் முடங்கும். ஐந்து மாதத்தில் முடியிற ஒப்பந்தத்தை வைச்சுக்கிட்டு பேங்கில் போய் நிற்க முடியாதே." புதுப்பிப்பு என்ற சொல்லை நாங்கள் எடுப்பதற்கு முன்பே அது மேசைக்கு வந்துவிட்டது.

கடைசியில் புதுப்பிப்புக்கு வைத்த பத்து நிமிடத்தில் விலையைத் தொடவே இல்லை. மூன்று கேள்வி மட்டும்: எத்தனை வருடம், காகித விலை ஏறி இறங்கினால் என்ன செய்வது, பணம் எத்தனை நாளில். மூன்றாவதில் சட்டம் எங்கள் பக்கம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எங்களைப் போன்ற சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். அவர்கள் 60 நாள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதை மிரட்டலாகச் சொல்லக் கூடாது. அவர்கள் அக்கவுண்ட்ஸ் ஆளை அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் அறைக்குக் கூப்பிடச் சொன்னால் போதும், அவரே சொல்லிவிடுவார்.

விலைக்கு இரண்டு வாரம் கழித்துத் தனிக் கூட்டம், பர்சேஸும் அக்கவுண்ட்ஸும் மட்டும். இரண்டு வருடம், கிலோ 36 அடிப்படை, காகிதம் 3 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ அடுத்த காலாண்டில் பெட்டி விலை மாறும், பணம் 45 நாளில். பதிலுக்கு நாங்கள் கொடுத்தது தாமத அபராதம். இதுவரை அது இல்லை. லோடுக்கு முந்தின 48 மணி நேரத்துக்குள் இண்டென்ட் மாறாமல் இருந்தால் மட்டும் பொருந்தும் என்று எழுதினோம். அப்படியும் முதலாளிக்கு அதில் முழுத் திருப்தி இல்லை.

அதற்காக மற்ற இரண்டும் எப்போதும் தப்பு என்று சொல்ல மாட்டேன். எதிரில் புதிதாக வந்த பர்சேஸ் மேனேஜர், உங்களை யாரென்றே தெரியாதவர் என்றால், அறிக்கை முதல் அஜெண்டா பொருந்தும். அப்போதும் எண்ணிக்கையை முன்பே ஒத்துப்பார்த்துவிடுங்கள். காகிதம் திடீரென்று ஏறி ஒவ்வொரு லோடும் நஷ்டம் என்ற நிலைமையானால் சுற்றி வளைக்க நேரமில்லை, விலைதான் முதல். மூன்றாவது அஜெண்டா பிளான்ட் ஹெட் வராவிட்டால் உடைந்துவிடும். அவர் இடத்தில் பர்சேஸ் ஆள் உட்கார்ந்து "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல ஆரம்பித்தால் அந்த இருபது நிமிடம் வெறும் டீ நேரம். அவர் வரவில்லை என்று முந்தின நாள் தெரிந்தால் நாங்கள் கூட்டத்தையே தள்ளி வைக்கிறோம். ஒப்பந்தம் முடிய நான்கு மாதத்துக்கு மேல் இருக்கும்வரை அந்தத் தள்ளிவைப்புக்கு இடமிருக்கிறது.