கத்தரிக்கோல் அணிவகுப்பு: ஆஃப்செட் ஃபில்டருடன் ஆறு வருஷம்

அம்மாவின் தையல் கடையில் எட்டடி அகலச் சுவர் ஒன்று உண்டு. ஈரம் ஏறி பெயின்ட் உரிந்துகொண்டே இருக்கும். அதை வால்பேப்பர் போட்டு மூடிவிடலாம், டிசைனை நாமே செய்துவிடலாம் என்று 2019இல் இறங்கினேன். கடையில் இருக்கும் சாமான்களே போதும் என்று தோன்றியது: கத்தரிக்கோல், நூல்கண்டு, பாபின், ஊக்கு, அங்குஸ்தான், ஒரு டப்பா நிறைய பொத்தான். ஒவ்வொன்றையும் ஸ்கேனரில் வைத்து 300 டிபிஐயில் எடுத்து, பின்னணியை வெட்டி, தனித்தனியாகச் சேமித்தேன். நூல்கண்டை மட்டும் கேமராவில் எடுக்க வேண்டியிருந்தது. மெலிசான ஸ்கேனர்களில் கண்ணாடியை ஒட்டியிருக்கும் பகுதி மட்டுமே கூர்மையாக விழும், கொஞ்சம் மேலே போனாலும் மங்கிவிடும்.

பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் ஒட்டுத் தெரியாமல் ஒரே டிசைனாகத் தொடரும் சதுரப் படத்தை டைல் என்பார்கள். அன்றிலிருந்து இன்றுவரை நாற்பது டைலாவது செய்திருப்பேன். எல்லாமே ஜிம்ப் என்ற பட மென்பொருளில்தான், முதலில் 2.10, இப்போது 3.0. டைல் செய்ய உதவுவது ஆஃப்செட் ஃபில்டர். ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு அது `Filter → Other → Offset` என்ற இடத்தில் இருக்கிறது. ஜிம்ப்பில் `Layer → Transform → Offset`. இரண்டிலும் `Wrap around` தேர்ந்திருக்க வேண்டும்.

இந்த ஃபில்டர் படத்தை வலதுபக்கம் தள்ளும்போது, வெளியே விழும் பகுதி இடதுபக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். மேலும் கீழும் அப்படியே. ஆரம்பத்தில் நான் இதைப் படத்தை மாற்றுகிற ஃபில்டர் என்றே நினைத்தேன். உண்மையில் அது எதையும் மாற்றுவதில்லை. சுவர் முழுக்கப் பரவிய டிசைன்மேல் ஒரு சதுர ஜன்னலை வைத்துப் பார்க்கிறோம், அந்த ஜன்னலைத்தான் நகர்த்துகிறோம். விளிம்பில் இருந்த ஒட்டு நடுவுக்கு வந்துவிடுவதால் அங்கே வேலை செய்ய முடிகிறது. இது புரிவதற்கு எனக்கு ஒரு வருஷம் ஆனது.

அந்த ஒரு வருஷத்துத் தப்பைச் சொல்கிறேன். என் டைல் 2400 × 2400 பிக்சல். 150 டிபிஐயில் அச்சடித்தால் 16 அங்குலம், 300இல் எடுத்த ஸ்கேன்களைப் பாதியாகச் சுருக்கி வைத்தால் சாமான்கள் எல்லாம் நிஜ அளவில் வரும். எங்கும் சொல்லித்தரும் முறைப்படி, விளிம்பைத் தொடாமல் நடுவில் சாமான்களைப் பரப்பினேன். ஆஃப்செட்டில் இரண்டு பக்கமும் 1200 கொடுத்தேன். நான்கு மூலைகளும் நடுவில் வந்து சேர்ந்தன, கூட்டல்குறி மாதிரி ஒரு காலித்தெரு தெரிந்தது. அதைப் பொத்தானாலும் பாபினாலும் நிரப்பினேன். டைல் முடிந்தது என்று சேமித்துவிட்டேன்.

ஒன்பது டைலை அடுக்கிப் பார்த்தபோது, வெள்ளைத் திட்டுகள் வரிசையாக, சாளரக் கம்பி மாதிரி ஓடின. காரணம் சுலபமானதுதான். அந்தக் காலித்தெருவின் நான்கு நுனிகளும் மறுபடி விளிம்பில்தான் போய் முடிகின்றன. அங்கே சாமானை வைத்தால் வெட்டுப்படும் என்று பயந்து நாம் விட்டுவிடுகிறோம். மேல் நுனியும் கீழ் நுனியும் சுவரில் ஒரே ஓட்டை, இடமும் வலமும் இன்னொரு ஓட்டை. ஆக ஒரு டைலுக்கு இரண்டு. இதற்கு இன்னும் இரண்டு தடவை ஆஃப்செட் கொடுக்க வேண்டும். முதலில் X 0, Y 1200: ஒரு ஓட்டை நடுவுக்கு வரும், நிரப்பு. அப்புறம் X 1200, Y 1200: மற்றது வரும், அதையும் நிரப்பு. மொத்தம் மூன்று தள்ளல். முதல் தள்ளலோடு நிறுத்திய டைலை இப்போது தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன்.

பாதிதான் தள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒட்டு சரியாக இருக்கிறதா என்று கடைசியில் சோதிக்கும்போது 700, 900 என்று ஏதாவது எண்ணைக் கொடுத்துப் பார்ப்பேன். பழகிய காட்சி கலைந்தால் பழகிய கண்ணுக்கு மறைந்திருந்த ஓட்டை தெரியும்.

ஜிம்ப்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இங்கே ஒவ்வொரு லேயருக்கும் தன் அளவில் ஒரு எல்லை உண்டு. ஒட்டிய கத்தரிக்கோல், அதைச் சுற்றியுள்ள சின்னச் செவ்வகத்துக்குள்தான் சுழலும். ஆஃப்செட் கொடுத்ததும் பிடி ஒரு பக்கம், அலகு ஒரு பக்கம் என்று பிய்ந்து நிற்கும். முதலில் `Layer → Layer to Image Size` கொடுத்துவிட்டால் முழு கேன்வாஸையும் சுற்றி வரும். நான் இப்போது மூல லேயர்களைத் தொடுவதே இல்லை. `Layer → New from Visible` கொடுத்து, கிடைக்கும் நகலைத்தான் தள்ளுகிறேன்.

ஆஃப்செட் வேலை இவ்வளவுதான், பழகினால் ஐந்து நிமிஷம். மீதி நாளெல்லாம் இடைவெளிக்குத்தான் போகிறது.

தொடக்கத்தில் கண்ணளவில் வைத்தேன். பிறகு கட்டம் போட்டு, நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி அளந்தேன். அது இன்னும் மோசம், ஏனென்றால் கத்தரிக்கோலுக்கும் பொத்தானுக்கும் நடுப்புள்ளி ஒரே தூரத்தில் இருந்தாலும் இடையில் தெரியும் வெள்ளை ஒன்றாக இருக்காது. கண் பார்ப்பது அந்த வெள்ளையைத்தான். இப்போது 90 பிக்சல் விட்டமுள்ள ஒரு கறுப்பு வட்டத்தைத் தனி லேயரில் வைத்துக்கொண்டு, பக்கத்துப் பக்கத்துச் சாமான்களின் ஓரங்களுக்கு நடுவே நுழைத்துப் பார்க்கிறேன். அச்சில் அது ஒன்றரை சென்டிமீட்டர். இறுக்கமில்லாமல், லொடலொடவென்றும் இல்லாமல் போனால் சரி. ஊசி, ஊக்கு போன்ற மெலிந்தவற்றுக்கு 70 போதும். கறுப்புப் பிடி போட்ட கத்தரிக்கோலுக்கு 110 வரை விடுவேன். கனமான பொருளுக்கு மூச்சுவிட இடம் வேண்டும்.

கத்தரிக்கோலின் பிடிக்குள் இருக்கும் இரண்டு ஓட்டைகளும் வெளியிடைவெளி மாதிரியே வெள்ளையாகக் கண்ணில் படும். ஒன்றில் ஒரு சின்னச் சட்டைப் பொத்தானைப் போட்டேன். அத்தனை நாள் எதையெல்லாமோ நகர்த்தியும் சரியாகாத இடம் அடங்கிவிட்டது.

இடைவெளியைச் சோதிக்க ஒரு டைலைப் பார்த்துப் பயனில்லை. `Filters → Map → Tile` வழியாக 7200 × 7200க்கு விரித்து, அதன்மேல் காஸியன் பிளர் 60 அளவில் கொடுப்பேன். சாமான்கள் எல்லாம் கரைந்து ஒரே சாம்பல் நிறமாக வந்தால் நல்லது. எங்காவது வெளுப்பு கோடாக ஓடினால் அங்கே சந்து இருக்கிறது, கறுப்பு திரண்டால் நெரிசல். பிளரை ஒற்றை டைலில் கொடுக்கக் கூடாது. அது விளிம்பைத் தாண்டி மறுபக்கத்தைப் பார்க்காது, ஓரத்தில் பொய் சொல்லும்.

இத்தனை செய்தும் என் முதல் சுவர் தோற்றது. காரணம் அந்தக் கத்தரிக்கோல். எட்டு அங்குல நீளம், அதாவது டைலில் சரிபாதி, அதுவும் ஒன்றே ஒன்று. சுவரில் ஆறு கத்தரிக்கோல்கள் ஒரே மட்டத்தில், ஒரே கோணத்தில் குடியரசு தின அணிவகுப்பு மாதிரி நின்றன. வாடிக்கையாளர் ஒருவர் எண்ணியே காட்டினார். ஒட்டு, இடைவெளி எல்லாம் சரியாக இருந்தாலும், டைலில் கனமான பொருள் ஒன்று மட்டும் இருந்தால் கண் அதைப் பிடித்துக்கொண்டு வரிசை எண்ணத் தொடங்கிவிடும்.

இதற்குச் சரியான வைத்தியம், ஒவ்வொரு அடுத்த நெடுவரிசையையும் பாதி உயரம் இறக்குவது. வால்பேப்பர் தொழிலில் ஹாஃப் டிராப் என்பார்கள். முடித்த டைலை இப்படி இறக்கினால் பக்க விளிம்பில் வெட்டுப்பட்ட பொத்தான்கள் பொருந்தாது. விளிம்பைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். நடுவில் சாமான்களைப் பரப்பிய நிலையிலேயே கேன்வாஸை 4800 × 2400 ஆக்கினேன். நடுக்கூட்டத்தின் நகலுக்கு X 2400, Y 1200 ஆஃப்செட் கொடுத்தேன். நகல் வலது பாதிக்குப் போய், பாதி உயரம் இறங்கி, கீழே விழுந்தது மேலே வந்து ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு சந்தில் வைக்கும் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு நகல் எடுத்து அதே 2400, 1200. இந்த ஒரு ஜோடி எண்ணை மட்டும் மனதில் வைத்தால் போதும், எங்கே எதை வைத்தாலும் அதன் ஜோடி தானாகச் சரியான இடத்துக்குப் போய்விடும். கத்தரிக்கோல்கள் இப்போது மாடிப்படி மாதிரி சரிந்து போகின்றன. எண்ண முயன்றால் கண் வழுக்கிவிடும்.

நிழல் விஷயத்தில் இன்னும் அடிவாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஸ்கேனில் விழுந்த நிழலோடு வெட்டினால், சாமானைத் திருப்பும்போது நிழலும் திரும்பும். ஒரு பொத்தானுக்கு வெளிச்சம் மேலிருந்தும் பக்கத்துப் பொத்தானுக்குக் கீழிருந்தும் வரும். ஆகவே நிழலில்லாமல் வெட்டி, வேண்டிய கோணத்துக்குத் திருப்பி, கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரே திசையில் நிழல் போட வேண்டும். ஆனால் அதையும் ஆஃப்செட்டுக்கு முன்பே போட்டு, லேயரோடு கலந்துவிட வேண்டும். ஜிம்ப் 3.0இல் ஃபில்டர்கள் தனியாக உயிரோடு நிற்கும், ஃபோட்டோஷாப்பின் லேயர் ஸ்டைலும் அப்படித்தான். விளிம்பில் வெட்டுப்பட்ட பாதிப் பொத்தானுக்கு அது புதிதாக நிழல் கணக்குப் போடும்போது, வெளியே விழும் நிழல் மறுபக்கம் வராது. ஒட்டில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழும். திரையில் 100 சதவீதத்தில் தெரியும், சுவரில் நன்றாகவே தெரியும்.

அச்சுக் கடையில் ஒரு தடவை, கோப்பைத் தாளுக்குப் பொருந்துமாறு அவர்களாகவே 98 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டார்கள், அதுவும் ஒரு பட்டையை மட்டும். நான்கடிப் பட்டைகள் இரண்டு, இரண்டாவதில் கீழே வர வர ஊக்குகள் ஒன்றரை அங்குலம் விலகிப் போயின. இப்போதெல்லாம் ஓரத்தில் பத்து சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்றை வரைந்தே கொடுக்கிறேன். அச்சானதும் அம்மாவின் இஞ்ச் டேப்பை வைத்து அங்கேயே அளந்துவிட்டுத்தான் பணம்.

கடையில் இருப்பது மூன்றாவது வால்பேப்பர். சுவிட்ச் போர்டுக்குக் கீழே ஒரு பாபினின் நிழல் மட்டும் எதிர்த்திசையில் விழுகிறது, திருப்பியதை மறந்துவிட்டேன். ஈரத்தில் அந்த மூலைதான் முதலில் உப்பும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.