லாக் வரைபடத்தின் புகைப்படம்: கண்ணால் படிப்பதா, கணக்குப் போடுவதா, மென்பொருளிடம் விடுவதா?

கையில் இருப்பது புகைப்படம் மட்டும். நிமிர்ந்த அச்சில் 10, 100, 1000 என்ற எண்கள் சம இடைவெளியில் நிற்கின்றன. ஒரு புள்ளி 10-க்கும் 100-க்கும் நடுவில், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறது. பலரும் 40 என்று எழுதிவிடுவார்கள். ஆனால் மடக்கை அச்சில், அதாவது லாக் அச்சில், ஒரே அளவு மேலே போனால் ஒரே எண்ணால் பெருக்குகிறோம். சரிபாதி உயரத்தில் இருப்பது 55 அல்ல, 31.6. மூன்றில் ஒரு பங்கு என்றால் 21.5.

கண்ணால் படிக்க 20, 30, 40 ஆகியவற்றின் சிறு கோடுகள் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் இந்த வழி போதும். 20-க்கும் 30-க்கும் நட்டநடுவே 25 என்று படித்தாலும் உண்மை 24.5, பிழை 2 சதவீதம்தான். 10-க்கும் 20-க்கும் நடுவே மட்டும் கவனம் தேவை: அங்கே 15 அல்ல, 14.1. சிறு கோடுகள் மங்கிப்போன படத்தில் இந்த வழியை நம்பவே கூடாது.

அப்போது பிக்சல் கணக்குதான் என் முதல் தேர்வு. கணினியில் படத்தைத் திருத்தும் பல செயலிகளில் சுட்டியை வைத்தால் மேலிருந்து எத்தனையாவது பிக்சல் என்று காட்டும். 10-இன் கோடு 820, 100-இன் கோடு 580, புள்ளி 742 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பதின்மடங்குக்கு 240 பிக்சல். புள்ளி ஏறியிருப்பது 78.

```
10 * 10^(78/240) = 10 * 10^0.325 = 21.1
```

சரிபார்க்க, 20-இன் கோடு 0.301 × 240 = 72 பிக்சல் மேலே, அதாவது 748-இல் இருக்க வேண்டும். புள்ளி அதற்குச் சற்று மேலே இருப்பதால் விடை பொருந்துகிறது. சுட்டி ஒரு பிக்சல் தவறினால் விடை சுமார் 1 சதவீதம் மாறும், அச்சின் எந்த உயரத்திலும் அதே விகிதத்தில்.

வெப்பிளாட்டிஜிடைசர் போன்ற மென்பொருளும் இதே கணக்கைத்தான் செய்கிறது. ஐம்பது புள்ளிகள் இருந்தால் அதுதான் வசதி. ஒன்றிரண்டுக்கு அச்சைப் பொருத்தும் வேலையே அதிகம். அச்சின் எண்களைக் கொடுக்கும்போது `Log Scale` பெட்டியில் குறியிட மறந்தால் இதே புள்ளிக்கு 39.25 என்று சொல்லும். பார்த்தால் நம்பும்படியான எண், அதனால்தான் ஆபத்து. அச்சிலேயே 1, 2, 3 என்று மடக்கை மதிப்புகள் அச்சிடப்பட்டிருந்தால் மட்டும் குறியிடக் கூடாது. வரும் விடையை அப்புறம் 10-இன் அடுக்காக்க வேண்டும்.

எந்த வழியானாலும் முதலில் 10–100, 100–1000 இடைவெளிகளை அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று 240, இன்னொன்று 222 என்று வந்தால் படம் சாய்வாக எடுக்கப்பட்டிருக்கிறது. முடிந்தால் நேராக மறுபடி எடுக்கலாம். முடியாவிட்டால் புள்ளி இருக்கும் பதின்மடங்கை மட்டும் அளவாகக் கொள்ளுங்கள். அதற்குள் சிறு கோடு ஏதாவது தெரிந்தால் இன்னும் நல்லது, புள்ளிக்கு மிக அருகிலுள்ள இரண்டு கோடுகளிலிருந்தே கணக்கிடலாம்.