வீட்டு மாமரத்தில் ஒட்டும் வேர்ச்செடியும்: பதினோரு ஆண்டு அனுபவம்

மதுரை திருப்பாலையில் உள்ள எங்கள் வீட்டின் பின்புறத்தில் 2013-ஆம் ஆண்டு ஆடி மாதம் ஓர் இமாம்பசந்த் ஒட்டுக்கன்றை நட்டேன். ஒட்டுக்கன்று என்றால் விரைவில் காய்க்கும் கன்று என்பதற்கு மேல் எனக்கு அப்போது எதுவும் தெரியாது. ஒரே மரத்தில் இரண்டு உயிர்கள் இணைந்து வாழ்கின்றன என்பது நான்கைந்து ஆண்டுகள் கழித்தே புரிந்தது.

கொட்டையை முளைக்கவைத்து வளர்க்கும் நாட்டு மாங்கன்றுதான் வேர்ச்செடி. நல்ல ரக மரத்தின் நுனியிலிருந்து எடுத்து அதன் மேல் பொருத்தும் குச்சி ஒட்டுக்குச்சி. ஒட்டுக்கு மேலே வளர்வதெல்லாம் ஒட்டுக்குச்சியின் ரகம். கீழே துளிர்ப்பதெல்லாம் வேர்ச்செடியின் ரகம். நம் ஊரில் நாம் விரும்பி உண்ணும் மாம்பழ ரகங்களின் கொட்டையை நட்டால் தாயின் குணம் அப்படியே வருவதில்லை என்பதால்தான் இந்த வேலையே தேவைப்படுகிறது. வேர்ச்செடிக் கன்றுகளும் கொட்டையிலிருந்து வந்தவையே. அவை ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஆகவே, ஒரே தாய்மரத்துக் குச்சியைக் கட்டிய இரண்டு கன்றுகளில் ஒன்று ஓங்கியும் மற்றொன்று குட்டையாகவும் வளர்ந்தால், கன்று விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டியதில்லை.

நான் செய்த தவறு நடவிலேயே தொடங்கியது. காற்றுக்குச் சாயாமல் இருக்கட்டும் என்று, ஒட்டு இருந்த முண்டுப் பகுதி மறையும் அளவுக்குச் செம்மண்ணை அணைத்துவிட்டேன். 2015-இல் ஐப்பசி மழைக்குப் பிறகு மண்ணை ஒட்டி ஒரு துளிர் நேராகக் கிளம்பி, மற்ற கிளைகளைவிட வேகமாக உயர்ந்தது. செழிப்பாக இருக்கிறதே என்று மகிழ்ந்து அதை வளரவிட்டேன். 2018 கோடையில் மரம் இரண்டு விதமாகக் காய்த்தது. கிழக்குப் பக்கம் நான்கு பெரிய இமாம்பசந்த் காய்கள். மேற்குப் பக்கம் நார் மிகுந்த, புளிப்பான சிறு காய்கள் கொத்துக் கொத்தாக.

அழகர்கோவில் சாலையில் தோப்பு வைத்திருக்கும் உறவினர் ஒருவர் வந்து, இரண்டு பக்கத்து இலைகளையும் கிள்ளிக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். வாசனையில் வேறுபாடு நன்றாகவே தெரிந்தது. இலையின் அகலமும் வேறாக இருந்தது. "மாப்ள, இது கீழ இருந்து வந்த நாட்டுக் கிளை. விட்டா ஒட்டு மரத்தை அமுக்கிப்புடும். ஆனா முழுசா எடுக்காதீங்க, இதுலயே ஒட்டுக் கட்டிடலாம்" என்றார். துளிர் பென்சில் தடிமனில் இருந்தபோதே அடியோடு கிள்ளியிருந்தால் ஒரு நிமிட வேலையாக முடிந்திருக்கும். இப்போதோ அது மணிக்கட்டுப் பருமன் கொண்ட கிளை.

அவர் சொன்னபடி, 2019-இல் காய்ப்பு முடிந்ததும் அந்தக் கிளையை இடுப்பளவு உயரத்தில் வெட்டி, வெட்டுவாயில் பூஞ்சை தாக்காமல் இருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை பூசினோம். அடுத்த இரண்டு மாதங்களில் வந்த துளிர்களில் ஐந்தை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளினோம். ஐப்பசியில், அந்தத் துளிர்களின் இலைகளில் செம்பு நிறம் இன்னும் மாறாதிருந்தபோது ஒட்டுக் கட்டினோம். இமாம்பசந்த் பக்கத்தில் குச்சிகளைப் பத்து நாள் முன்பே தேர்ந்தெடுத்து, இலைக்காம்பு மட்டும் நிற்க இலைகளை நறுக்கி வைத்திருந்தோம். அதனால் நுனிமொட்டு பருத்து, வெடிக்கத் தயாராக இருந்தது. குச்சியின் அடியை இரு பக்கமும் சுமார் 4 செ.மீ. ஆப்பாகச் சீவி, துளிரின் தலையைப் பிளந்து செருகினோம்.

இங்கேதான் கவனம் வேண்டும். தோலுக்கும் கட்டைக்கும் நடுவில் வழவழப்பான மெல்லிய வளர்படலம் ஒன்று இருக்கிறது. குச்சியின் படலமும் துளிரின் படலமும் தொட்டால்தான் இரண்டும் இணையும். குச்சி மெலிதாக இருந்தால் அதை நடுவில் வைக்காமல், ஒரு பக்கத்துத் தோலாவது நேராகச் சேரும்படி ஓரமாகத் தள்ளி வைக்க வேண்டும். பிறகு பாலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றி, ஈரம் காயாமல் இருக்க மேலே ஒரு மெல்லிய பையைக் கவிழ்த்துக் கட்டினோம். மதுரையின் சித்திரை வெயிலில் இதே வேலையைச் செய்திருந்தால், இணைவதற்கு முன்பே குச்சி காய்ந்திருக்கும்.

மூன்று வாரத்தில் மூன்று குச்சிகள் துளிர்த்தன. மற்ற இரண்டும் பச்சையாகவே இருந்ததால் நம்பிக்கையோடு காத்திருந்தேன். காம்பைத் தொட்டபோது அது தானாக உதிராமல் சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தது, சில நாளில் குச்சி கறுத்தது. பிடித்த குச்சிகளில் காம்பு தொட்டவுடன் உதிர்ந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து நாடாவை அவிழ்த்தேன். ஒன்றில் மறந்துபோய் விட்டதால் நாடா தண்டை நெரித்துப் பள்ளம் விழுந்து, அடுத்த ஆடிக்காற்றில் அந்த இடத்திலேயே முறிந்தது.

மீதியிருந்த இரண்டில் 2023-இல் முதல் பழங்கள் கிடைத்தன, இரண்டும் இமாம்பசந்த். நாட்டுக் கட்டையிலிருந்து இன்றும் துளிர் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும், அணைத்த மண்ணை விலக்கி ஒட்டு முண்டு வெளியே தெரிகிறதா என்று பார்த்து, அதற்குக் கீழே கிளம்பியதை விரல் நகத்தாலேயே கிள்ளி எடுத்துவிடுகிறேன்.