டிராகன் குவெஸ்ட் 3-ல வேலை மாத்துறதும் ஃபைனல் ஃபேண்டஸி 5-ல மாத்துறதும்

ரெண்டு கேம்லயும் ஒரே உதாரணத்த எடுத்துப்போம், ஹீல் பண்ற பூசாரிய வாள் தூக்குற வீரனா மாத்தணும். 1988-ல வந்த டிராகன் குவெஸ்ட் 3-ல அவன் லெவல் 20 தொட்டாத்தான் தர்மா கோயில்லயே மாத்தி விடுவாங்க, மாத்தினதும் லெவல் 1-க்கு இறங்கிடும், ஸ்டாட்ஸ் எல்லாம் பாதியாயிடும், ஆனா கத்துக்கிட்ட மந்திரம் எதுவும் போகாது. அதாவது 60 பலம் இருந்தா 30, ஆனா லெவல் 1 ஆளுக்கு 30 பலம்னா சும்மாவா? லெவலும் திரும்ப மடமடன்னு ஏறும். சிக்கல் எங்கன்னா மந்திரம் போடத் தேவைப்படுற எம்பியும் பாதியாயிடும், வீரனுக்கு அது வளரவும் வளராது, அதனால ஹீல் தெரியும், ஆனா எம்பி சீக்கிரம் காலி. ஆரம்பத்துல கொஞ்ச நேரம் அவன பின்வரிசைல ஒளிச்சு வெக்கணும், இல்லனா ஒரே அடி. ஹீரோவுக்கு மட்டும் இந்த மாத்தமே கிடையாது.

1992-ல வந்த ஃபைனல் ஃபேண்டஸி 5-ல இவ்ளோ யோசிக்கவே வேணாம். மெனுவத் தொறந்து வாள் வீரனான நைட்னு மாத்து, முடிஞ்சுது, சண்டைக்கு நடுவுல மட்டும் முடியாது. லெவல் அப்படியே இருக்கும், வேலைக்குன்னு ஏபிபிங்கற பாயிண்ட் தனியா சேரும், ஹீல் பண்ற வெள்ளை மேஜா இருந்தப்ப கத்த வெள்ளை மந்திரத்த நைட்டோட ஒரு ஸ்லாட்ல சொருகிக்கலாம். அந்த ஒரே ஸ்லாட்தான் கடிவாளம், ஹீல வெச்சா வேற எதையும் வெக்க முடியாது. எந்த வேலைல இருந்து லெவல் ஏறினாலும் நிரந்தர நஷ்டம் இல்லாததால பாஸ் கிட்ட தோத்தா நாலு பேரையும் மாத்திட்டு திரும்பப் போகலாம்.

என் ஓட்டு 5-க்குத்தான், ஆனா ஆளுக்கு ஒரு வரலாறு இருக்குற ஃபீல் 3-லதான் வருது.