பின்னக் கெழுக்கள்: பெருக்கி நீக்குவதா, மாறியை மாற்றுவதா?

இந்த முப்படிக் கோவையைக் காரணிப்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

p(x) = x³ − (4/3)x² − (7/12)x + 1/2

விகிதமுறு மூலத் தேற்றத்தைப் பயன்படுத்த வேண்டுமென்றால் எல்லாக் கெழுக்களும் முழுக்களாக இருக்க வேண்டும். பின்னங்களை நீக்க இரண்டு நல்ல வழிகள் உண்டு. மூன்றாவதாக ஒரு குறுக்குவழியும் புழக்கத்தில் இருக்கிறது. அது ஏமாற்றிவிடும் என்பதால் முதலில் அதையே பார்த்துவிடலாம்.

தேற்றம் சொல்வது இதுதான்: சுருக்கிய வடிவில் r/s ஒரு மூலம் என்றால், r மாறிலி உறுப்பை வகுக்கும், s தலையாய கெழுவை வகுக்கும். நடுக் கெழுக்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் இரண்டு முனைகளும் முழுக்களானால் போதும் என்று தோன்றிவிடுகிறது. நம் கோவையை 2-ஆல் பெருக்கினால்,

2x³ − (8/3)x² − (7/6)x + 1

முனைகளில் 2, 1. ஆகவே சோதிக்க வேண்டியவை ±1, ±1/2 என்ற நான்கே மதிப்புகள். அவற்றில் x = 1/2 பொருந்துகிறது, மற்ற மூன்றும் பொருந்தவில்லை. ‘மிச்ச இரண்டு மூலங்களும் விகிதமுறா எண்கள்’ என்று முடிவு கட்டினால் அது தவறு. (x − 1/2)-ஆல் வகுத்தால் ஈவு 2x² − (5/3)x − 2. அதன் தன்மைகாட்டி 25/9 + 16 = 169/9, அதாவது 13/3-இன் வர்க்கம். மூலங்கள் 3/2, −2/3. இரண்டும் விகிதமுறு எண்கள்தான், ஆனால் நம் பட்டியலில் இல்லை.

காரணம் தேற்றத்தின் நிரூபணத்திலேயே இருக்கிறது. ax³ + bx² + cx + d = 0 என்பதில் x = r/s எனப் பிரதியிட்டு s³-ஆல் பெருக்கினால்,

d·s³ = −r(ar² + brs + cs²)

அடைப்புக்குள் இருப்பது முழு என்றால்தான் r வலப்பக்கத்தை வகுக்கிறது என்று சொல்ல முடியும். b, c பின்னங்களாக இருந்தால் அந்த வாதம் அங்கேயே நின்றுவிடும். நடுக் கெழுக்கள் தேற்றத்தின் கூற்றில் தலைகாட்டவில்லையே தவிர, அவை முழுக்கள் என்பதன் மீதுதான் தேற்றம் நிற்கிறது.

சரியான வழிகளில் முதலாவது, எல்லாப் பகுதிகளுக்கும் மீச்சிறு பொது மடங்கு எடுத்துப் பெருக்குவது. 3, 12, 2 ஆகியவற்றுக்கு அது 12.

12x³ − 16x² − 7x + 6

r என்பது 6-இன் வகுத்தி, s என்பது 12-இன் வகுத்தி. திரும்ப வருபவற்றை நீக்கினால் மிஞ்சுபவை 1, 2, 3, 6, 1/2, 3/2, 1/3, 2/3, 1/4, 3/4, 1/6, 1/12. குறியோடு சேர்த்து 24 மதிப்புகள். x = 1/2 கொண்டு தொகுமுறை வகுத்தல் செய்தால் 12, −10, −12, மீதி 0. ஈவு 2(6x² − 5x − 6), அது 2(2x − 3)(3x + 2). வேலை முடிந்தது. ஆனால் 3/4 அல்லது 1/12 போன்ற மதிப்பை முதலில் சோதிக்க நேர்ந்தால் பின்னக் கணக்கு மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். கெழுவில் துரத்திய பின்னம் பிரதியிடலில் திரும்பி வருகிறது.

இரண்டாவது வழி, x = y/k என்று மாறியை மாற்றி k³-ஆல் பெருக்குவது.

y³ − (4/3)k·y² − (7/12)k²·y + (1/2)k³

தலையாய கெழு 1 ஆகவே இருக்கிறது. இங்கே k = 12 என்று யோசிக்காமல் போட்டுவிடுபவர்கள் அதிகம். அது தேவையில்லை. k-ஐ 3 வகுக்க வேண்டும், k²-ஐ 12 வகுக்க வேண்டும், k³-ஐ 2 வகுக்க வேண்டும். மூன்றுக்கும் k = 6 போதும்.

y³ − 8y² − 21y + 108

k = 12 என்றால் மாறிலி 864 ஆகி, 48 மதிப்புகளைச் சோதிக்க வேண்டிவரும். 108-க்கு 24 போதும். தலையாய கெழு 1 என்பதால் விகிதமுறு மூலங்கள் முழுக்களாகவே இருந்தாக வேண்டும். y = 3 பொருந்துகிறது; தொகுமுறை வகுத்தலில் 1, −5, −36, மீதி 0. y² − 5y − 36 = (y − 9)(y + 4). y மதிப்புகள் 3, 9, −4. ஆறால் வகுத்தால் x மதிப்புகள் 1/2, 3/2, −2/3. வழி நெடுக ஒரு பின்னம்கூட இல்லை. கடைசியில் ஆறால் வகுப்பதை மறந்துவிட்டால் மட்டும் எல்லாம் பாழ்.

இதற்குக் கொடுக்கும் விலை மாறிலி வீங்குவது. இதே k = 6 ஐம்படிக் கோவையில் வந்தால் மாறிலி 7776 மடங்காகும். அதன் வகுத்திகளை எழுதி முடிப்பதற்குள் முதல் வழியில் விடையே கிடைத்துவிடலாம். அதனால் படி மூன்றுக்குள், k சிறியது என்றால் நான் மாறியை மாற்றுவேன். அதற்கு மேல் போனால் மீச்சிறு பொது மடங்குதான்.

இரண்டும் 24 மதிப்புகளையே தந்தாலும், இரண்டும் ஒரே பட்டியல் அல்ல. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. y முழு என்றால் x-இன் பகுதி 6-ஐ வகுக்க வேண்டும். உடனே முதல் பட்டியலிலிருந்து 1/4, 3/4, 1/12 மூன்றும் கழன்றுவிடுகின்றன. எதிர்ப்பக்கம், y = 27, 54, 108 என்பவை x = 9/2, 9, 18 ஆகும். x-இன் தொகுதி 6-ஐ வகுக்க வேண்டும் என்று முதல் வழி சொல்வதால் இவையும் போய்விடுகின்றன. 24 மதிப்புகள் 18 ஆகக் குறைகின்றன, அதுவும் ஒரு மதிப்பைக்கூடப் பிரதியிட்டுப் பார்க்காமலே. இதற்கு மாறியை உண்மையில் மாற்றவும் வேண்டாம். k எவ்வளவு என்று கண்டுபிடித்தாலே போதும். முதல் வழியையே தேர்ந்தாலும் இந்த வடிகட்டலைச் செய்துகொள்வது நல்லது.

எந்த வழியில் போனாலும் பெருக்கிய எண் எங்கே போனது என்பதைக் கவனிக்க வேண்டும். p(x) = 0 என்ற சமன்பாடு என்றால் இருபுறமும் 12-ஆல் பெருக்கிவிட்டு அதை மறந்துவிடலாம். கோவையைக் காரணிப்படுத்தச் சொன்னால் மறக்கக் கூடாது, சரியான விடை

p(x) = (1/12)(2x − 1)(2x − 3)(3x + 2)

1/12 விட்டுப்போனதா என்று பார்க்க x = 0 போட்டால் போதும். p(0) = 1/2. மூன்று காரணிகளின் பெருக்கல் மட்டும் (−1)(−3)(2) = 6 தருகிறது. இரண்டும் பொருந்தவில்லை என்றால் வெளியே ஒரு மாறிலி தொலைந்திருக்கிறது. மாறியை மாற்றும் வழியில் இந்தத் தொல்லை குறைவு: மூலங்கள் கிடைத்ததும் (x − 1/2)(x − 3/2)(x + 2/3) என்று எழுதினால் தலையாய கெழு தானாகவே 1 ஆக அமைந்துவிடும்.

பெருக்கிய பின் எல்லாக் கெழுக்களுக்கும் பொதுவான வகுத்தி ஏதாவது இருந்தால் அதையும் வெளியே எடுத்துவிட வேண்டும். (2/3)x² − (10/3)x + 4 என்பதை 3-ஆல் பெருக்கினால் 2x² − 10x + 12. அப்படியே தேற்றத்தைப் போட்டால் 12-இன் வகுத்திகளையும் 2-இன் வகுத்திகளையும் கலந்து தேட வேண்டும். 2-ஐ வெளியே எடுத்தால் x² − 5x + 6. இங்கே பின்னங்களைச் சோதிக்கும் வேலையே இல்லை. 2x² − 10x + 12-க்கான பட்டியலில் 1/2, 3/2 போன்றவை வருவது நாம் விட்டுவைத்த அந்த 2-ஆல்தான்.