இந்தி ஒர்க்‌ஷீட் கட்டு, இரண்டு வருடம் கழித்து: 61ஆம் பக்கத்தில் மாட்டிய கதை

"உங்க பொண்ணு எழுதினாளே, அந்த இந்தி ஒர்க்‌ஷீட் கட்டு இப்போ விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமா அக்கா?" என்று மாடி வீட்டுப் பெண் கேட்டாள். சரி வாங்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், அதற்குள் 61ஆம் பக்கம் ஞாபகத்துக்கு வந்து கோபமும் வந்துவிட்டது.

முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். மாத்திரைப் பக்கங்களுக்கு, அதாவது உயிர்க்குறிப் பக்கங்களுக்கு, நூற்றுக்கு நூறு கொடுக்கலாம். தமிழ்ப் பிள்ளைகள் வழக்கமாக விழும் குழி குறில் இகரம். நம் 'கி'யில் குறி வலப்பக்கம் இருக்கிறது. இந்தியில் குறிலுக்கு இடப்பக்கம், நெடிலுக்கு வலப்பக்கம். பழக்க தோஷத்தில் என் மகள் எல்லாவற்றுக்கும் வலப்பக்கமே போட்டாள், 'தின்' (நாள்) என்று எழுத நினைத்தது 'தீன்' (ஏழை) ஆகிவிடும். இந்தத் தாள்கள் விதி எதுவும் சொல்லாமல் சொற்களை ஜோடி ஜோடியாக வைத்தே அதைச் சரிசெய்துவிட்டன. 'பிட்னா' என்றால் அடி வாங்குவது, 'பீட்னா' என்றால் அடிப்பது. குறி எந்தப் பக்கம் என்பதை வைத்து யார் யாரை அடித்தார்கள் என்பதே மாறுகிறது என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரே குஷி. "கெ-வுக்குக் கொம்பு முன்னாடி வர்ற மாதிரிதானேம்மா" என்று அவளே கண்டுபிடித்தாள். அதற்கப்புறம் அந்தத் தப்பு வரவில்லை.

கூட்டெழுத்துகளும் நன்றாகத்தான் ஆரம்பிக்கின்றன. வலப்பக்கம் செங்குத்துக் கோடு உள்ள எழுத்துக்கு அந்தக் கோட்டை எடுத்துவிட்டு அடுத்த எழுத்தோடு ஒட்டினால் போதும், 'ப்யார்' அப்படித்தான் வருகிறது. அந்த வரிசையை இரண்டே நாளில் முடித்துவிட்டாள். 61ஆம் பக்கத்தில் செங்குத்துக் கோடு இல்லாத எழுத்து வந்ததும் வண்டி நின்றது.

```
द + ् + ध = द्ध
द + ् + व = द्व
```

முதலாவது 'யுத்த'த்தில் வருவது, இரண்டாவது 'துவார'த்தில் வருவது. இரண்டாம் எழுத்து சின்னதாகிப் போய் முதலெழுத்தின் அடியில் தொங்கும். அங்கே இரண்டு வளைவு இருந்தால் ஒன்று, ஒரே வளைவு இருந்தால் இன்னொன்று. தெளிவாக அச்சடித்தாலே உற்றுப் பார்க்க வேண்டிய வித்தியாசம் இது. இந்தப் புண்ணியவான்கள் அதைப் புள்ளிப் புள்ளியாக, மேலே எழுதிப் பழகும் எழுத்தில், மற்ற எழுத்துகளின் அளவிலேயே அடித்திருக்கிறார்கள். நாலைந்து புள்ளியில் எங்கே வளைவு தெரியப் போகிறது? அவள் 'யுத்வ்', 'சுத்வ்' என்று வாசித்தாள். நானும் முதலில் அப்படித்தான் வாசித்தேன், அது வேறு விஷயம்.

அடுத்த பக்கத்தில் இதன் மேலேயே குறில் இகரமும் ஏறுகிறது, சொல் 'புத்தி'. ஒட்டிய வடிவத்தில் இகரக் குறி இரண்டு மெய்யையும் தாண்டி முன்னால் போய் நிற்கும். இடப்பக்கக் குறி அதையடுத்த எழுத்துக்கே என்று முப்பது பக்கமாகப் பழகிய பிள்ளை 'புதித்' என்று வாசிக்காமல் வேறென்ன செய்யும்? இதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை. மாத்திரைக்கு அவ்வளவு யோசித்தவர்கள் இங்கே தூங்கிவிட்டார்கள் போல.

இதில் கொடுமை, சுலபமான வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மத்திய இந்தி இயக்ககத்தின் எழுத்துத் தரப்படுத்தல் விதி, இந்த மாதிரி எழுத்துகளைத் தொங்கவிடாமல் ஹலந்த் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்கிறது. ஹலந்த் என்றால் நம் புள்ளியேதான், மேலே இல்லாமல் கீழே ஒரு சாய்கோடு. அப்படி எழுதும்போது இகரக் குறியும் தன் மெய்க்கு முன்னாலேயே நிற்கிறது:

```
बुद्धि → बुद्‌धि
```

இரண்டாவதை எழுதிக் காட்டியதும் தடுக்காமல் வாசித்தாள். கட்டின் கடைசிப் பக்கங்களிலும் இந்த ஹலந்த் வடிவம்தான் இருக்கிறது, இரண்டும் ஒன்றுதான் என்று எங்கேயும் சொல்லவில்லை. டியூஷனில் அவள் ஹலந்த் போட்டு எழுதியதைச் சிவப்பு மையில் சுழித்து அனுப்பினார்கள். மூன்று நாள் அந்தப் பக்கமே போக மாட்டேன் என்று அழுதாள்.

கடைசியில் நானே கணினியில் அடித்தேன். புள்ளி எழுத்து வேண்டாம், வெளிர்சாம்பல் நிறத்தில் முழுக்கோடு, ஒரு வரிக்கு மூன்றே எழுத்து என்று பெரிதாக. முதலில் ஹலந்த் வடிவம், பக்கத்திலேயே ஒட்டிய வடிவம், வாசிக்க இரண்டும், எழுத முதலாவது மட்டும். பத்து நாளில் தேறினாள். இப்போது கடைப் பலகைகளில் தொங்கும் எழுத்தைப் பார்த்தால் என்னை முந்திக்கொண்டு வாசிக்கிறாள்.

மாடி வீட்டுப் பெண்ணிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சின்னவனுக்கு ஜூனில் இந்தி ஆரம்பம். விலை குறைந்திருக்கிறதே என்று அவனுக்கு அதே கட்டில் ஒன்று வாங்கி, 61 முதல் 66 வரை கிழித்துவிட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். அவளுக்குத் தெரிய வேண்டாம்.